கேட்டது டெவலப்பர், கிடைப்பது சப்போர்ட்

“டெவலப்பர் ரோலுக்கு நீங்க செலக்ட் ஆகலை. ஆனா சப்போர்ட் டீம்ல ஒரு ஓப்பனிங் இருக்கு. இன்ட்ரஸ்ட் இருக்கா?” ஐ.டி. வேலை தேடும் இளைஞர்கள் பலருக்கும் ஹெச்.ஆரிடமிருந்து இப்படி ஓர் அழைப்பு வருவதுண்டு. “முதல்ல உள்ள போயிடு, அப்புறம் மாத்திக்கலாம்” என்று வீட்டில் சொல்வார்கள். சிலருக்கு அப்படி மாற்றிக்கொள்ள முடிகிறது. சிலர் ஐந்தாறு வருடம் அதே நாற்காலியில் இருந்துவிடுகிறார்கள். உங்களுக்கு எது நடக்கும் என்பதைச் சேரும் முன்பே ஓரளவு கணிக்கலாம்.

இந்த அழைப்பு இரக்கத்தில் வருவதல்ல. ஹெச்.ஆர். கையில் எப்போதும் நிரப்ப வேண்டிய காலியிடங்கள் சில இருக்கும். நீங்கள் ஏற்கெனவே தேர்வு எழுதி, ஓரிரு இன்டர்வியூவும் முடித்தவர். புதிதாக ஒருவரைத் தேடுவதைவிட உங்களைக் கேட்பது அவர்களுக்கு எளிது. அதனால் நீங்களும் கூச்சப்படாமல் கேள்வி கேட்கலாம்.

முதல் கேள்வி, டெவலப்பர் வேலை ஏன் கிடைக்கவில்லை என்பது. இருந்த ஓர் இடத்துக்கு உங்களைவிட அனுபவம் உள்ளவர் வந்திருக்கலாம், அல்லது அந்த இடத்தையே நிறுத்தி வைத்திருக்கலாம். அப்படியானால் அடுத்த முறை உங்களுக்கு வாய்ப்பு உண்டு. கோடிங் ரவுண்டில்தான் தடுக்கினீர்கள் என்றால் கதை வேறு. சப்போர்ட்டில் சேர்ந்ததால் மட்டும் அந்தக் குறை தீராது. உள்ளே இருந்தபடி மாறப் போனாலும் அதே கோடிங் கேள்விகளைத்தான் கேட்பார்கள்.

அடுத்து, எந்தச் சப்போர்ட்? பொதுவாக இதில் மூன்று படிகள் உண்டு. எல்1-ல் இருப்பவர் வரும் டிக்கெட்டை எடுத்து, எழுதிவைத்த வழிமுறைப்படி செய்வார், முடியாததை மேலே அனுப்புவார். எல்2-ல் இருப்பவர் லாக் பார்ப்பார், டேட்டாபேஸில் எஸ்.க்யூ.எல். எழுதிப் பிழையைத் தேடுவார். எல்3-ல் இருப்பவர் கோடையே திறந்து திருத்துவார். ஒரு வாடிக்கையாளருக்குப் பணம் இரண்டு முறை பிடிக்கப்பட்டது என்று வையுங்கள். எல்1 அந்தப் புகாரைப் பதிவு செய்வார். எந்தப் பரிவர்த்தனை இரட்டித்தது என்று எல்2 கண்டுபிடிப்பார். ஏன் இரட்டித்தது என்று பார்த்து எல்3 கோடை மாற்றுவார். டெவலப்மென்டுக்குப் போகும் வழி எல்3-லிருந்து கிட்டம், எல்2-லிருந்து நடக்கிற தூரம், எல்1-லிருந்து ரொம்பத் தூரம். ஆகவே “கோடைப் பார்க்க எனக்கு அனுமதி இருக்குமா? இந்த டீமிலிருந்து சமீபத்தில் யாராவது டெவலப்மென்டுக்குப் போயிருக்கிறார்களா?” என்று ஹெச்.ஆரை விட்டுவிட்டு டீம் லீடிடம் கேளுங்கள். ஒருவரைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை என்றால் அதுவே பதில்.

மூன்றாவது, உள்மாற்ற விதி. பெரிய கம்பெனிகளில் காலியிடங்களை முதலில் ஊழியர்களுக்கு அறிவிக்கும் ஐ.ஜே.பி. முறை உண்டு. ஆனால் இப்போதைய வேலையில் ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ முடித்திருக்க வேண்டும் என்பார்கள். மேனேஜரும் விடுவிக்க வேண்டும். வேலையில் நீங்கள் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்துவிட்டால், உங்களை அனுப்ப அவருக்கு மனம் வராது! “ஆறு மாசத்துல மாத்தித் தரோம்” என்று போனில் சொன்னால், அதையே மின்னஞ்சலில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அந்த வாக்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சம்பளத்தையும் பிரித்துப் பாருங்கள். ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் சி.டி.சி. என்று வைத்துக்கொள்வோம். அதில் 48,000 ரூபாய் வேரியபிள் பே என்றால், அது மாதாமாதம் வராது. அடிப்படைச் சம்பளம் 2,40,000 ரூபாய் என்றால், அதன் 12 சதவீதமான 28,800 ரூபாய் கம்பெனி கட்டும் பி.எஃப். கிராஜுவிட்டிக்கு இன்னொரு 11,500 ரூபாய் போல ஒதுக்குவார்கள். உங்கள் பங்கு பி.எஃப்.பும் போக, கைக்கு வருவது மாதம் சுமார் 30,000 ரூபாய்தான். நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் இதற்குள் அடக்கமா, தனியா என்று கேளுங்கள்.

ஆஃபர் லெட்டரில் இரண்டு வரிகளைக் கட்டாயம் படியுங்கள். ஒன்று பதவியின் பெயர். நாளைக்கு அனுபவச் சான்றிதழிலும் பெரும்பாலும் அதுதான் வரும், அடுத்த கம்பெனிக்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். இன்னொன்று, இத்தனை வருடம் விலகக் கூடாது என்ற ஒப்பந்தம் உண்டா என்பது.

எல்2 வேலை, எஸ்.க்யூ.எல். பழக்கம், ஒப்பந்தம் இல்லை என்றால் சேர்வதில் நஷ்டம் குறைவு. எல்1, நிரந்தர நைட் ஷிஃப்ட், இரண்டு வருட ஒப்பந்தம் என்றால், வீட்டுச் சூழல் நெருக்காதவரை மறுத்துவிட்டு கோடிங்கைத் தேற்றிக்கொண்டு மறுபடி விண்ணப்பிப்பது மேல். நிராகரித்தவர்களை ஆறு மாதம் போல கழித்து மீண்டும் விண்ணப்பிக்க விடும் கம்பெனிகள் பல. சேர்ந்துவிட்டீர்களா? ஆறாவது மாதம் நீங்கள் முடித்த டிக்கெட்டுகளைப் புரட்டுங்கள். பாஸ்வேர்ட் மாற்றிக் கொடுத்ததும் புகாரை மேலே தள்ளியதும்தான் தெரிகிறது என்றால், ஐ.ஜே.பி. அறிவிப்புக்குக் காத்திருக்காமல் வெளியிலும் விண்ணப்பிக்கத் தொடங்கிவிடுங்கள்.