ருத்ராட்சத்தின் முகம்: கோட்டை எண்ணுவதா, அறையை எண்ணுவதா?

ருத்ராட்சம் ஒரு மரத்தின் பழக்கொட்டை. எலியோகார்பஸ் கனித்ரஸ் என்பது அந்த மரத்தின் தாவரவியல் பெயர். அதன் பழம் நல்ல நீல நிறத்தில், கோலிக்குண்டு அளவில் இருக்கும். மேலே மெல்லிய சதை, உள்ளே கரடுமுரடான கெட்டிக் கொட்டை. சதை அழுகிப் போனபின் தேய்த்துக் கழுவி எடுக்கப்படும் அந்தக் கொட்டைதான் மணியாகிறது.

பெயரின் பின்பாதியான 'கனித்ரஸ்', மலாய்த் தீவுகளில் இந்த மரத்துக்கு வழங்கும் 'கனித்ரி' என்ற சொல்லிலிருந்து வந்தது. மலாக்கா மாநிலத்தில் மணி வாங்கும் தமிழர்களுக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. ருத்ராட்சம் இமயமலை அடிவாரத்தில் மட்டுமே விளைவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் ஜாவா தீவின் கெபுமென், சிலாசாப் வட்டாரங்களில் இது பயிராகவே வளர்க்கப்படுகிறது. அலோர்காஜா, ஜாசின் தோட்டப் பகுதிகளில் கழுத்தில் தொங்கும் சின்னஞ்சிறு மணிமாலைகளின் ஊர் பெரும்பாலும் அதுதான்.

ஜாவா மணி சிறியது. பெரும்பாலும் 5 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும், மேற்பரப்பு ஓரளவு வழுவழுப்பு, கோடுகள் மெல்லியவை. நேபாள மணி பெரியது. 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை வளரும், மேடுபள்ளம் அதிகம், கோடுகள் ஆழமானவை. இரண்டுமே அசல்தான். சிறியதாக இருப்பதாலேயே ஒரு மணி போலியாகிவிடாது.

எது போலி?

சந்தையில் போலி இரண்டு வகை. முதல் வகையில் பொருளே பொய்: பிளாஸ்டிக் அச்சு மணி, மரத்தில் செதுக்கியது, கொட்டைப்பாக்கையோ இலந்தைக் கொட்டையையோ குடைந்து செய்தது. இவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம். அச்சில் வார்த்த மணிகளில் ஒரே மேடு, ஒரே பள்ளம் எல்லா மணியிலும் அதே இடத்தில் வரும். அச்சின் இரு பாதி சேர்ந்த தடம் இடுப்பில் ஓடும். இயற்கையில் இரண்டு ருத்ராட்சம் அப்படி அச்சு அசலாக ஒத்திருப்பதில்லை.

இரண்டாவது வகைதான் பணத்தைக் கரைப்பது. அதில் மணி அசல். எண்ணிக்கை மட்டும் பொய். மரம் காய்க்கும் கொட்டைகளில் மிகப் பெரும்பான்மை ஐந்து முகம். அதன் விலை குறைவு. ஆகவே ஐந்து முகத்தை ஐந்து முகமாகப் போலி செய்வதில் யாருக்கும் பெரிய லாபமில்லை. ஒரு முகம், பத்துக்கு மேற்பட்ட முகங்கள், இரண்டு மணி ஒட்டிப் பிறந்த கௌரி சங்கர் ஆகியவை அரிதானவை, விலையும் எகிறும். அதனால் ஐந்து முக மணியில் கூடுதல் கோடு கீறுவார்கள்; இருக்கும் கோட்டைப் பசையும் தூளும் வைத்து அடைத்து முகத்தைக் குறைப்பார்கள்; இரண்டு மணியை உரசி ஒட்டிக் கௌரி சங்கர் ஆக்குவார்கள். பாம்பு, திரிசூலம், ஓம் எழுத்து புடைத்து நிற்கும் உருண்டையான 'ஒரு முகம்' என்றால் அது கைவேலை என்றே கொள்ளலாம்.

முகம் என்பது என்ன?

மணியின் காம்புப் பக்கத்திலிருந்து அடிப்பக்கம் வரை இறங்கும் கோடுகளைத்தான் எல்லோரும் முகம் என்று எண்ணுகிறார்கள். அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்பதே மணியை மதிப்பிடும் முறைக்கு அடிப்படை. பூவின் சூலகத்தில் எத்தனை அறைகள் இருக்கின்றனவோ, கொட்டைக்குள் அத்தனை விதையறைகள் உருவாகும். ஒவ்வொரு அறைக்கும் மேற்பரப்பில் ஒரு கோடு. ஐந்து முக மணியைக் குறுக்கே அறுத்தால் நட்சத்திரம் போல ஐந்து அறைகள் நடு அச்சைச் சுற்றி நிற்பதைக் காணலாம்.

எனவே கோடு வெளி அடையாளம். அறை உள்ளே இருக்கும் ஆதாரம். இரண்டும் ஒத்துப்போனால் எண்ணிக்கை உறுதி. அறைக்குள் விதை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல அறைகளில் விதை வளராமல் சுருங்கிவிடும். அறை மட்டும் வெறுமையாக நிற்கும். வெற்று அறையும் ஒரு முகம்தான். விதைகளை மட்டும் எண்ணினால் முகம் குறைவாகத் தெரியும்.

முகங்களின் வரிசை பழைய நூல்களிலேயே இருக்கிறது. ருத்ராட்ச ஜாபால உபநிடதம் ஒன்று முதல் பதினான்கு முகம் வரை பேசுகிறது. நெல்லிக்காய் அளவு உத்தமம், இலந்தை அளவு மத்திமம், கடலை அளவு அதற்கும் கீழ் என்று அளவையும், புழு அரித்தது, உடைந்தது, முள் இல்லாதது விலக்கத்தக்கது என்று குறைகளையும் அது வகுக்கிறது. அந்தக் காலத்திலேயே மணியைத் தேர்ந்து வாங்க வேண்டியிருந்தது என்பதற்கு இதுவே சாட்சி.

தண்ணீரும் செப்புக்காசும்

மணி தண்ணீரில் மூழ்கினால் அசல், மிதந்தால் போலி என்ற சோதனையைத் தோட்டத்துக் கோயில் வாசலிலும் பட்டணத்துக் கடையிலும் செய்து காட்டுவார்கள். அதில் நம்ப எதுவும் இல்லை. மணி மிதப்பதும் மூழ்குவதும் உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விதை சுருங்கிய வெற்று அறைகள் உள்ள அசல் மணி, நன்றாகக் காய்ந்திருந்தால் மிதக்கும். அதே மணியைச் சில நாள் எண்ணெயில் ஊறப்போட்டால் மூழ்கும். கெட்டி மரத்தில் செதுக்கிய போலியும் மூழ்கும். ஈயம் அடைத்த மணியும் மூழ்கும். தவிர, கோடு கீறப்பட்ட மணி அசல் கொட்டைதானே? எண்ணிக்கையில் நடந்த மோசடியைத் தண்ணீர் எப்படிச் சொல்லும்?

இரண்டு செப்புக்காசுக்கு நடுவில் வைத்தால் மணி சுழலும் என்பதும் இதே கதைதான். ஒழுங்கில்லாத மேடுபள்ளம் உள்ள எந்தப் பொருளையும் இரண்டு தட்டைப் பரப்புகளுக்கிடையில் அழுத்தினால் அது ஒரு பக்கம் திரும்பும்.

வெந்நீர்ச் சோதனைக்கு மட்டும் ஓரளவு பயன் உண்டு. மணியைச் சில மணி நேரம் வெந்நீரில் வைத்தால் மட்டமான பசை இளகி, ஒட்டிய துண்டு கழன்று வரும். சாயம் பூசியிருந்தால் நீரில் இறங்கும். ஆனால் எபாக்சி போன்ற வலுவான பசை இதற்கு அசையாது. ஆகவே கழன்றால் போலி என்பது உறுதி. கழலாவிட்டால் அசல் என்று முடிவு கட்ட முடியாது. அதிகம் கொதித்தால் அசல் மணியும் வெடிப்பு விடலாம்.

ஒரு மணியை எண்ணிப் பார்ப்போம்

மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக்குப் போகும் வழியில் ஒரு கடையில் 20 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மணி ஒன்று 'ஏழு முகம்' என்று விற்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். அதைச் சோதிக்க ஒரு நூல், ஒரு அளவுகோல், பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, ஒரு பென்சில் போதும்.

முதலில் ஒரு கோட்டில் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்து, அங்கிருந்து சுற்றி எண்ண வேண்டும். புள்ளி இல்லாமல் எண்ணினால் தொடங்கிய இடம் மறந்து ஒன்று கூடும் அல்லது குறையும். மேல் முனையில் ஒரு முறை, இடுப்பில் ஒரு முறை, அடி முனையில் ஒரு முறை என்று மூன்று தடவை எண்ண வேண்டும். உண்மையான கோடு இரு முனைகளையும் தொடும். பாதியில் நின்றுவிடுவது வெறும் மடிப்பு. அது கணக்கில் சேராது.

இந்த மணியில் மூன்று இடத்திலும் ஏழு வருகிறது. அடுத்து இடுப்பைச் சுற்றி நூலைக் கட்டி, ஒவ்வொரு கோட்டின் இடத்தையும் நூலில் குறித்து, பிரித்து அளவுகோலில் வைக்க வேண்டும். சுற்றளவு சுமார் 63 மில்லிமீட்டர். ஏழு முகம் என்றால் கோட்டுக்குக் கோடு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இடைவெளி எதிர்பார்க்கலாம். ஆனால் நூலில் மூன்று இடைவெளிகள் 12.5 மில்லிமீட்டரும் நான்கு இடைவெளிகள் 6 மில்லிமீட்டரை ஒட்டியும் இருக்கின்றன. சுற்றளவை ஐந்தால் வகுத்தால் வருவது ஏறத்தாழ 12.5. ஐந்து முக மணியின் இரண்டு முகங்களை நடுவில் கீறிப் பிளந்தால் கிடைக்கும் கணக்கு இதுவே.

இது சந்தேகம்தான், தீர்ப்பல்ல. இயற்கையான மணியிலும் ஓர் அறை குறுகி வளர்ந்து இடைவெளி சிறுத்துவிடுவது உண்டு. ஆகவே குறுகிய இடங்களின் நடுக்கோடு இரண்டையும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். இயற்கைக் கோடு நெளிந்து போகும். இருபுறத்து மேடுகளும் கோட்டின் பக்கம் சரிந்து இறங்கும். பள்ளத்தின் அடியிலும் சொரசொரப்பு இருக்கும். அரத்தாலோ சிறு ரம்பத்தாலோ கீறிய கோடு ஒரே ஆழத்தில் நேராக ஓடும். குறுக்கே வந்த மேடுகளை வெட்டிக்கொண்டு போயிருக்கும். பள்ளத்தின் நிறம் மற்றக் கோடுகளைவிட வெளிறியோ, சாயம் போட்டிருந்தால் ஒரேயடியாகக் கருத்தோ தெரியும். கோட்டை அடைத்த மணியில் அந்த இடம் மட்டும் பளபளக்கும். புற ஊதா விளக்கின்கீழ் பல பசைகள் தனியே ஒளிரும்.

ஜாவா மணியில் இந்த வேலை கடினம். கோடு மெல்லியது, மணி சிறியது. விற்பவரே தவறாக எண்ணியிருக்கவும் கூடும்.

எக்ஸ்ரே சொல்வது

ஐயம் தீராவிட்டால் மணியை அறுத்துப் பார்க்கலாம். ஆனால் அதோடு மணி போயிற்று. சேதமில்லாத வழி எக்ஸ்ரே. படம் எடுக்கும் கோணம் முக்கியம். நூல் கோக்கும் துளை நேராகக் கருவியைப் பார்க்கும்படி மணியை வைக்க வேண்டும். பக்கவாட்டில் எடுத்தால் அறைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எண்ண முடியாமல் போகும். சரியான கோணத்தில் நடு அச்சைச் சுற்றி அறைகள் தெரியும். விதை உள்ள அறைக்குள் அதன் நிழலும் தெரியும். சிடி ஸ்கேன் மணியை அறுக்காமலேயே துண்டு துண்டாகக் காட்டுவதால் இன்னும் தெளிவு.

மேலே சொன்ன மணியின் படத்தில் ஐந்து அறைகள்தான் தெரிந்தால், ஏழு முகம் என்ற பேச்சு அங்கே முடிகிறது. ஏழு இயற்கைக் கோடுகளும், ஆறு முழு அறைகளும், நசுங்கிய கீற்றுப் போல ஏழாவது அறையும் தெரியும் மணிகளில்தான் கருத்து வேறுபாடு வரும். அறையின் சுவடு இருந்தாலே போதும் என்று கொள்வோரும் உண்டு. முழு அறை வேண்டும் என்போரும் உண்டு. ஆகவே சான்றிதழில் எண்ணை மட்டும் பார்க்காமல், வெளிக்கோடு எத்தனை, உள்ளறை எத்தனை என்று இரண்டும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கிறதா, படத்தில் இருப்பது கையில் உள்ள அதே மணிதானா என்று பார்க்க வேண்டும். கௌரி சங்கரில் எக்ஸ்ரே இரு மணிகளின் இணைப்பைக் காட்டும். இயற்கையானதில் கொட்டையின் திசு இடைவெளியின்றித் தொடரும். ஒட்டியதில் நடுவே ஒரு கோடு பிரிக்கும்.

ரசீதில் இருக்க வேண்டியது

விலை உயர்ந்த மணி வாங்கும்போது 'ருத்ராட்சம் 1' என்ற ரசீது உதவாது. இயற்கையான மணி, இத்தனை முகம், குறுக்களவு இவ்வளவு, எந்த நாட்டு மணி என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். மலேசியாவில் 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின்படி பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் தந்து விற்பது குற்றம். பணத்தைத் திரும்பப் பெற, 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது; பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்; வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே கடைக்காரர் வாயால் சொன்னதைவிட, ரசீதில் எழுதிய 'ஏழு முகம்' என்ற சொல்லும் ஐந்து அறை காட்டும் எக்ஸ்ரேயும்தான் பேசும்.