தண்ணீர் மாடி ஏறும் கணக்கு

ஒகேனக்கல்லில் காவிரி ஓடும் இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூரோ ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய மேட்டு நிலத்தில் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும். அதனால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு, 2013-இல் தண்ணீர் வரத் தொடங்கியது. ஓசூர் வரை வரும் தண்ணீர் 600 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். ஒரே பம்பால் ஒரே மூச்சில் தள்ளினால், அடியில் இருக்கும் குழாய் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 60 கிலோ அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும். அதனால் படிப்படியாக, நீரேற்று நிலையங்கள் வைத்து ஏற்றுகிறார்கள்.

அத்தனை மேடு ஏறி வந்த தண்ணீர், வீட்டுத் தரைக்குக் கீழே இருக்கும் சம்ப்பில் வந்து விழுகிறது. மொட்டை மாடித் தொட்டிக்கு அது இன்னொரு முறை ஏற வேண்டும். அந்தக் கடைசி ஏற்றத்துக்கு எந்த பம்ப் வாங்குவது? கடைக்குப் போனால் “எத்தனை எச்.பி. வேணும்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

சிப்காட் பக்கத்தில் நான்கு தளமும் எட்டு வீடுகளும் கொண்ட ஒரு குடியிருப்பைக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 40 பேர். நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பது வழக்கம். பெருக்கினால் 5,400 லிட்டர் வரும். தாராளமாக 6,000 என்று வைப்போம். காலையில் ஒரு மணி நேரத்தில் தொட்டி நிரம்ப வேண்டுமானால் நிமிடத்துக்கு 100 லிட்டர் ஏற வேண்டும். இதுதான் நம் முதல் எண். பம்ப் கடையில் இதை ‘டிஸ்சார்ஜ்’ என்பார்கள்.

அடுத்தது உயரம். ஒரு தளத்துக்கு 3 மீட்டர் வீதம் நான்கு தளத்துக்கு 12 மீட்டர். தொட்டி நிற்கும் மேடை 2, தொட்டியின் உயரம் 2. ஆக, தரையிலிருந்து 16 மீட்டர். தொட்டியின் அடிவரை அளந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆனால் தண்ணீர் கொட்டும் குழாய்வாய் மேலேதானே இருக்கிறது? அதுவரைதான் அளக்க வேண்டும். கீழேயும் அப்படித்தான். சம்ப் நிறைந்திருக்கும்போது அளக்கக் கூடாது. தண்ணீர் நன்றாகக் குறைந்த பிறகு, தரைக்கு 2 மீட்டர் கீழே இருக்கும் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். மொத்தம் 18 மீட்டர். தண்ணீர் ஒரு சொட்டுகூட நகராவிட்டாலும் இந்த 18 மீட்டர் அழுத்தத்தைப் பம்ப் கொடுத்தே ஆக வேண்டும். இதை நிலை ஹெட் என்போம்.

தண்ணீர் நகரத் தொடங்கியதும் இன்னொரு செலவு சேர்கிறது. குழாய்ச் சுவரோடு உராய்ந்தும், ஒவ்வொரு எல்போவிலும் திரும்பியும் தண்ணீர் தன் அழுத்தத்தை இழக்கிறது. குழாய் 40 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவுகளுக்கும் வால்வுகளுக்கும் சேர்த்து இன்னும் 10 மீட்டர் குழாய் இருப்பதுபோல் கணக்கிட்டால் மொத்தம் 50. உள்விட்டம் 40 மில்லிமீட்டர் உள்ள பிளாஸ்டிக் குழாயில் நிமிடத்துக்கு 100 லிட்டர் ஓடினால், உராய்வில் போவது சுமார் 2.6 மீட்டர். ஆக, பம்ப் தர வேண்டியது 20.6 மீட்டர்.

இந்த உராய்வுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஓட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது. கட்டத்தாள் எடுத்து வரைந்து பாருங்கள். கீழே படுக்கையாக லிட்டர், பக்கவாட்டில் மீட்டர். ஓட்டம் 0 என்றால் 18 மீட்டர். 50 லிட்டரில் 18.65. 100 லிட்டரில் 20.6. 150 லிட்டரில் சுமார் 23.9. புள்ளிகளைச் சேர்த்தால், முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறும் ஒரு வளைகோடு கிடைக்கும். உங்கள் கட்டடமும் உங்கள் குழாயும் சேர்ந்து கேட்கும் அழுத்தம் அது. பொறியாளர்கள் இதற்கு ‘சிஸ்டம் கர்வ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பம்புக்கும் ஒரு கோடு உண்டு, ஆனால் அது இறங்கும் கோடு. வால்வை முழுக்க மூடி ஓட்டினால் பம்ப் கொடுக்கும் அழுத்தம் மிக அதிகம்; தண்ணீரை வெளியே விட விட அழுத்தம் குறையும். நாம் பார்க்கும் பம்பின் பட்டியலில் இப்படி இருக்கிறது என்போம்: 0 லிட்டரில் 27 மீட்டர், 50-இல் 25.5, 100-இல் 21, 150-இல் 13.5. அதே தாளில் இதையும் வரையுங்கள். ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். சுமார் 102 லிட்டர், 20.7 மீட்டர். பம்ப் ஓடும்போது அந்தப் புள்ளியில்தான் ஓடும். வேறு எங்கேயும் ஓட அதனால் முடியாது.

இப்போது யாரோ ஒருவர் காசு மிச்சம் என்று 25 மில்லிமீட்டர் குழாய் போட்டுவிட்டார் என்று வையுங்கள். அதே 100 லிட்டருக்கு உராய்வு 2.6 மீட்டரிலிருந்து 26 மீட்டராகத் தாவுகிறது. விட்டம் பாதிகூடக் குறையவில்லை, இழப்போ பத்து மடங்கு! கட்டடம் கேட்கும் கோடு செங்குத்தாக நிமிர்ந்துவிடும். புதிய வெட்டுப்புள்ளி சுமார் 53 லிட்டர். பம்ப் அதேதான், மின்சாரக் கம்பியும் அதேதான். ஆனால் தொட்டி நிரம்ப இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். “பம்ப் சரியில்லை” என்று எல்லோரும் பம்பைத் திட்டுவார்கள்.

உடனே, “45 மீட்டர் ஹெட் உள்ள பெரிய பம்பாக வாங்கிவிடலாமே” என்று தோன்றும். 40 மில்லிமீட்டர் குழாய் உள்ள நம் கட்டடத்தில் அதை மாட்டினால், நிமிடத்துக்கு 170 லிட்டருக்கு மேல் தள்ளப் பார்க்கும். அதிகமாகத் தள்ளும்போது இந்த வகை பம்பின் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும். பம்ப் தனக்கு நன்றாகப் பொருந்தும் இடத்தைவிட்டு விலகி அதிரும். ஹெட் அதிகம் என்றால் நல்லது என்று சொல்லும் கடைக்காரரை நான் நம்புவதில்லை.

எச்.பி. கணக்கு இப்போதுதான் வருகிறது. நிமிடத்துக்கு 100 லிட்டரை 20.6 மீட்டருக்கு ஏற்ற, தண்ணீருக்குள் போய்ச் சேர வேண்டிய சக்தி 337 வாட். பம்ப் வாங்கும் சக்தியில் பாதிதான் தண்ணீருக்குப் போகிறது என்று வைத்தால், மோட்டார் 674 வாட் தர வேண்டும். 746 வாட் ஒரு எச்.பி. என்பதால், 1 எச்.பி. போதும். கடைக்குக் கொண்டுபோகும் சீட்டில் இவ்வளவு எழுதினால் போதும்: நிமிடத்துக்கு 100 லிட்டர்; மொத்த ஹெட் 21 மீட்டர், அதில் நிலை ஹெட் 18; குழாய் உள்விட்டம் 40 மில்லிமீட்டர்.

ஓசூருக்கென்றே ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். பம்ப் தண்ணீரை உறிஞ்சுவதாகச் சொல்கிறோமே, உண்மையில் காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடற்கரையில் அந்த அழுத்தம் 10.3 மீட்டர் தண்ணீரைத் தாங்கும். 900 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லியது, சுமார் 9.3 மீட்டர்தான் தாங்கும். குழாய் இழப்பு, ஃபுட் வால்வு இழப்பு எல்லாம் போக மிஞ்சுவது இன்னும் குறைவு. 2 மீட்டர் சம்ப்புக்கு இது பிரச்சினையே இல்லை. ஆழமான கிணற்றில் தரைமேல் பம்ப் வைத்தால்தான் தண்ணீர் ஏறாமல் சரசரவென்று சத்தம் வரும்.

பொருத்திய பிறகு சோதிப்பது சுலபம். தொட்டி 500 லிட்டர் நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். 5 நிமிடம் என்றால் நம் புள்ளி சரி. பம்ப் வாயில் ஒரு அழுத்தமானி இருந்தால் இன்னும் நல்லது; அதில் 1 கிலோ என்றால் 10 மீட்டர். அழுத்தம் ஏறி ஓட்டம் குறைந்திருந்தால் குழாயிலோ வால்விலோ அடைப்பு. அழுத்தமும் ஓட்டமும் சேர்ந்தே குறைந்திருந்தால் பம்பையும் ஃபுட் வால்வையும் பாருங்கள்.