நீங்கலானவர் யார்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (கணிதம்)

அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் தாள்களில் 'நீங்கலாக', 'தவிர' என்னும் இரு சொற்களை அடிக்கடி காண்கிறோம். ஒரு விதியைச் சொல்லி, அதிலிருந்து சிலரை விலக்குவதற்கு இவை பயன்படுகின்றன. யாரை விலக்குகிறோம் என்பதை எழுதுபவர் தெளிவாகவே எழுதிவிடுகிறார். எந்தக் கூட்டத்திலிருந்து விலக்குகிறோம் என்பது மட்டும் பல வேளைகளில் வாசிப்பவரின் ஊகத்துக்கு விடப்படுகிறது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்திருக்கும் என்னைப் போன்றோர்க்கு, ஐயம் வந்தால் கேட்டறிய முன்னே படித்த அண்ணனோ அக்காவோ இல்லை. தாளில் உள்ள வாக்கியம் சொல்வதே எங்களுக்கு விதி. ஆகவே அந்த வாக்கியத்தில் அடைப்புக்குறியும், இடைக்கோடும், முக்காற்புள்ளியும் என்ன வேலை செய்கின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு வாக்கியம், இரு கணக்கு

மாதிரிக்கு ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்.

"இரண்டாம் ஆண்டு மாணவர்களும் மூன்றாம் ஆண்டு மாணவர்களும் விடுதியில் தங்கியிருப்போர் நீங்கலாக உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்."

இரண்டாம் ஆண்டில் 60 பேர். அவர்களுள் விடுதியில் இருப்போர் 20 பேர். மூன்றாம் ஆண்டில் 50 பேர். அவர்களுள் விடுதியில் இருப்போர் 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். விலக்கு இரு ஆண்டினருக்கும் உரியது என்று கொண்டால் விண்ணப்பிக்கத் தகுதியுள்ளோர் 40 + 35 = 75 பேர். விலக்கு அருகில் நிற்கும் மூன்றாம் ஆண்டினருக்கு மட்டும் உரியது என்று கொண்டால் 60 + 35 = 95 பேர். இடையே நிற்பவர்கள் 20 பேர். வாக்கியத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் இருபது பேரின் உதவித்தொகை ஊசலாடுகிறது.

கணித மாணவர்களுக்கு இது புதியதன்று. இரண்டாம் ஆண்டினர் A, மூன்றாம் ஆண்டினர் B, விடுதியினர் C என்றால், முதற்பொருள் (A ∪ B) − C. இரண்டாம் பொருள் A ∪ (B − C). கணத்தில் அடைப்புக்குறி இடாமல் இதை எழுதினால் ஆசிரியர் உடனே சிவப்பு மை தொடுவார். உரைநடையிலோ நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை.

தாப்பிசையும் அடைப்புக்குறியும்

இச்சிக்கலை நம் இலக்கண ஆசிரியர்கள் அறியாதவர்கள் அல்லர். பவணந்தி முனிவரின் நன்னூல் எட்டு வகைப் பொருள்கோள்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று தாப்பிசை. செய்யுளின் நடுவில் நிற்கும் ஒரு சொல், ஊசலைப் போல முன்னும் பின்னும் சென்று இரு பக்கத்துச் சொற்களோடும் பொருந்துவது தாப்பிசையாகும். ஓலைச்சுவடியில் இன்று நாம் இடும் குறிகள் இல்லை. எனவே உரையாசிரியர் பொருளை நோக்கிச் சொற்களைக் கூட்டினார். அச்சு நூல் பெருகிய 19ஆம் நூற்றாண்டில்தான் உரைநடைக்கு நிறுத்தக்குறிகள் நிலையாக வந்து சேர்ந்தன. ஆறுமுக நாவலர் இவற்றைத் தமிழ் உரைநடையில் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர்.

செய்யுளில் ஊசல் அழகு. அறிவிப்பில் அது ஆபத்து. நடுவில் நிற்கும் 'நீங்கலாக' முன்னே போகுமா, பின்னே போகுமா என்று வாசிப்பவர் தவிக்கக் கூடாது. அடைப்புக்குறி இந்த ஊசலைப் பாதியளவு நிறுத்துகிறது. கீழே உள்ள வாக்கியத்தைப் பாருங்கள்.

"மூன்றாம் ஆண்டு மாணவர்களும் (விடுதியில் தங்கியிருப்போர் நீங்கலாக) இரண்டாம் ஆண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம்."

இங்கே அடைப்புக்குறி தனக்கு முன்னுள்ள சொல்லைப் பற்றிக்கொள்கிறது. பின்வரும் இரண்டாம் ஆண்டினரை அது தொடாது. ஆகவே விடை 95. அதே அடைப்புக்குறியை இரு பெயர்களுக்கும் பிறகு வைத்தால் என்ன ஆகும்?

"இரண்டாம் ஆண்டு மாணவர்களும் மூன்றாம் ஆண்டு மாணவர்களும் (விடுதியில் தங்கியிருப்போர் நீங்கலாக) விண்ணப்பிக்கலாம்."

பழைய ஐயம் திரும்பி வந்துவிடுகிறது. பலர் இதை மூன்றாம் ஆண்டினருக்கு மட்டும் என்று வாசிப்பர். சிலர் இருவருக்கும் என்று வாசிப்பர். காரணம் எளியது. அடைப்புக்குறி தனக்குள் இருப்பது எது என்பதைக் காட்டும். இடப்பக்கம் எவ்வளவு தூரம் தன் கை நீளும் என்பதைக் காட்டாது. எனவே ஒரு பிரிவுக்கு மட்டும் விலக்கு வேண்டுமானால், அந்தப் பிரிவை முதலில் வைத்து, அதன் பக்கத்திலேயே அடைப்புக்குறியை இடுவது நலம்.

இடைக்கோட்டின் வேலை

இடைக்கோடு (—) அடைப்புக்குறியைவிட உரத்த குரலுடையது. அடைப்புக்குறி ஒரு சொல்லின் காதில் மெல்லச் சொல்கிறது. இடைக்கோடு வாக்கியத்தையே நிறுத்திவிட்டுப் பேசுகிறது. அதனால் வாசிப்பவர் அதுவரை சொன்ன அனைத்துக்கும் அதைப் பொருத்திக்கொள்வது இயல்பு.

"இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு ஆகிய இரு பிரிவினரும் — விடுதியில் தங்கியிருப்போர் நீங்கலாக — விண்ணப்பிக்கலாம்."

இங்கே விடை 75 என்பதில் ஐயமில்லை. இதில் கோட்டுக்கு உள்ள பங்கு பாதி. 'ஆகிய இரு பிரிவினரும்' என்ற தொகுப்புச் சொல்லுக்கு உள்ள பங்கு மறுபாதி. அச்சொல் இரு பெயர்களையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டது. கட்டின் மேல் விழும் விலக்கு கட்டு முழுவதற்கும் உரியதாகிறது.

இவ்விடத்தில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் விலக்குச் சொல் முதலில் வரும். விலக்கப்படுவோர் பிறகு வருவர். ஆகவே விலக்கு எங்கே தொடங்குகிறது என்பது தெரியும். எங்கே முடிகிறது என்பதற்குத்தான் குறி வேண்டும். தமிழில் விலக்கப்படுவோர் முதலில் வந்து, 'நீங்கலாக' இறுதியில் வருகிறது. விலக்கு எங்கே முடிகிறது என்பது தெரியும். எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. ஆகவே நமக்கு இன்றியமையாதது திறக்கும் குறி. அது இல்லாவிட்டால் நேர்வதைப் பாருங்கள்.

"இரண்டாம் ஆண்டு மாணவர்கள், மூன்றாம் ஆண்டு மாணவர்கள், விடுதியில் தங்கியிருப்போர் நீங்கலாக அனைவரும் விண்ணப்பிக்கலாம்."

இதை எழுதியவர் இரு ஆண்டினரையும் அழைக்கவே எண்ணியிருக்கலாம். ஆனால் காற்புள்ளிகள் மூன்று பெயர்களையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டன. இப்போது மூவருமே நீங்கலானவர்கள்! விடுதியில் இல்லாத முதலாம் ஆண்டு மாணவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்ற பொருள் வந்துவிடுகிறது. இரண்டாவது காற்புள்ளியை எடுத்துவிட்டு, அங்கே இடைக்கோட்டையும், 'நீங்கலாக' என்பதற்குப் பின் அதன் இணைக்கோட்டையும் இட்டால், விலக்கப்பட்ட இரு வகுப்பினரும் மீண்டும் உள்ளே வந்துவிடுகிறார்கள்.

முக்காற்புள்ளியும் பட்டியலும்

முக்காற்புள்ளி (:) ஒரு வாயில் போன்றது. அதற்கு முன் நிற்பது, பின்வரும் பட்டியல் முழுவதையும் ஆளும். பட்டியலுக்குள் ஓர் உருப்படியை அடுத்து நிற்பது அந்த உருப்படியை மட்டுமே ஆளும்.

"விடுதியில் தங்கியிருப்போர் நீங்கலாக, பின்வருவோர் விண்ணப்பிக்கலாம்: இரண்டாம் ஆண்டினர், மூன்றாம் ஆண்டினர்." விடை 75.

"பின்வருவோர் விண்ணப்பிக்கலாம்: இரண்டாம் ஆண்டினர்; மூன்றாம் ஆண்டினர், விடுதியில் தங்கியிருப்போர் நீங்கலாக." விடை 95.

இரண்டாவது வாக்கியத்தில் உருப்படிகளைப் பிரிக்கும் அரைப்புள்ளி ஒரு சுவர். விலக்கு அச்சுவரைத் தாண்டி முதல் உருப்படிக்குச் செல்வதில்லை. அங்கே அரைப்புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இட்டால் சுவர் சரிந்துவிடும். மேலும், தமிழில் வினை இறுதியில் வருவதால், வாக்கியம் முடியுமுன் நடுவில் முக்காற்புள்ளி இட்டால் பட்டியலுக்குப் பின் வினை தனித்து நின்று தடுமாறும். 'விண்ணப்பிக்கலாம்' என்று வினையை முடித்துவிட்டுக் குறியை இடுவதே முறை.

நீதிமன்றத்தில் ஒரு காற்புள்ளி

இவை வெறும் இலக்கண விளையாட்டு அல்ல. மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் பற்றிய 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, அனுமதியின்றி மருந்தை விற்பனைக்காகத் தயாரித்தல், விற்றல், இருப்பு வைத்தல், விற்பனைக்குக் காட்சிப்படுத்தல் முதலிய செயல்களுக்குத் தண்டனை கூறியது. 'விற்பனைக்கு' என்ற நிபந்தனை 'காட்சிப்படுத்தல்' என்பதற்கு மட்டும் உரியதா, 'இருப்பு வைத்தல்' என்பதற்கும் உரியதா என்ற வினா 1979இல் முகம்மது ஷபீர் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஆங்கில மூலத்தில் 'இருப்பு வைத்தல்' என்பதற்குரிய சொல்லுக்குப் பின் காற்புள்ளி இல்லை. ஆகவே இரு செயல்களும் ஒரே கட்டு. விற்பனைக்காக இருப்பு வைத்தால்தான் குற்றம், வெறுமனே கையில் வைத்திருத்தல் இப்பிரிவின்படி குற்றமாகாது என்று நீதிமன்றம் கொண்டது. இல்லாத ஒரு காற்புள்ளி ஒருவர் குற்றவாளியா என்பதில் பங்கு பெற்றது.

ஆனால் குறிகளின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. 1952இல் அசுவினி குமார் கோஷ் வழக்கில், சட்டத்தின் பொருளை அறிவதில் நிறுத்தக்குறி ஒரு சிறு உறுப்பே என்ற கருத்து அதே நீதிமன்றத்தில் கூறப்பட்டது. சொற்களின் தெளிவான பொருளைக் குறி வெல்லாது. சொற்கள் ஐயத்துக்கு இடந்தரும்போதுதான் குறியின் குரல் கேட்கப்படும்.

எழுதியபின் ஒரு சோதனை

விலக்கு உள்ள வாக்கியத்தை எழுதியவர் இரு சோதனைகள் செய்யலாம். முதலாவது, இரு குறிகளுக்கு இடையே உள்ளதை விரலால் மறைத்து வாசிப்பது. எஞ்சியது முழு வாக்கியமாக நிற்காவிட்டால் குறி இடம் மாறி விழுந்திருக்கிறது. இரண்டாவது, எண்ணிப் பார்ப்பது. வாக்கியத்தை மட்டும் ஒரு நண்பரிடம் கொடுத்து, எத்தனை பேர் தகுதியுள்ளவர் என்று கணக்கிடச் சொல்லுங்கள். நீங்கள் 75 என்று எண்ணியிருக்க, அவர் 95 என்றால், அந்தத் தாளைப் பலகையில் ஒட்டக் கூடாது.

அப்போதும் தெளிவு வராவிட்டால், குறிகளை நம்புவதை விட்டு வாக்கியத்தை இரண்டாக உடைத்துவிடலாம்: "இரண்டாம் ஆண்டினர் அனைவரும் விண்ணப்பிக்கலாம். மூன்றாம் ஆண்டினரில் விடுதியில் தங்காதோர் மட்டும் விண்ணப்பிக்கலாம்." தாளில் ஒரு வரி கூடும், இருபது பேர் அலுவலக வாயிலில் வந்து நின்று, தாம் உள்ளேயா வெளியேயா என்று கேட்கும் நிலை வராது.