50 சென்டிமீட்டர் ஏன் போதாது?

ஒரு தடம் சரிவாக இறங்கி, நட்டமாக நிற்கும் வட்ட வளையத்துக்குள் நுழைந்து, ஒரு சுற்றுச் சுற்றி வெளியே போகிறது. வளையத்தின் ஆரம் 20 செ.மீ.; உச்சி, அடியிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. சின்னஞ்சிறு இரும்புக் குண்டு ஒன்றைக் குறைந்தது எந்த உயரத்திலிருந்து உருட்டிவிட்டால், தடத்தை விட்டுப் பிரியாமல் அது உச்சியைத் தாண்டும்?

பலருக்கும் முதலில் தோன்றும் விடை 40. உச்சிக்கு ஏற, உச்சியளவு உயரம் போதும் என்ற எண்ணம். ஆனால் 40-இலிருந்து விட்ட குண்டு உச்சியைப் பார்ப்பதே இல்லை. ஏறத்தாழ 32 செ.மீ. உயரத்தில், உச்சிக்கு இன்னும் 54 பாகை இருக்கும்போதே, தடத்தைக் கைவிட்டு வளையத்துக்குள் விழுந்துவிடும்.

காரணம் எளிது. வட்டத்தில் ஓடும் பொருளை ஏதாவது ஒன்று எப்போதும் மையத்தை நோக்கி இழுத்து வளைக்க வேண்டும். உச்சியில் அந்த வேலையைப் புவியீர்ப்பு செய்கிறது. குண்டு மெதுவாக வந்தால், ஈர்ப்பு அதன் பாதையைத் தேவைக்கு மேல் வளைத்துவிடும்; குண்டு தடத்திலிருந்து கீழே பிரிந்துவிடும். மிகச் சரியான எல்லையில், தடம் குண்டை அழுத்தவே அழுத்தாது. ஈர்ப்பு மட்டுமே வளைக்கும். அந்த எல்லையின் நிபந்தனை v² = gR. நம் வளையத்துக்கு அந்த வேகம் விநாடிக்கு 1.4 மீட்டர்.

உராய்வே இல்லாமல் வழுக்கி வரும் பொருளுக்கு இந்த வேகம் கிடைக்க, உச்சியை விட 10 செ.மீ. உயரத்திலிருந்து இறங்கினால் போதும். ஆக 50 செ.மீ. பாடப்புத்தகத்தில் இந்தக் கணக்கைச் செய்தவர்கள் 2.5R என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் நம் குண்டு வழுக்கவில்லை, உருளுகிறது. இங்கேதான் விடை மாறுகிறது.

உருளும் குண்டு முன்னேறுவதோடு தன்னைத்தானே சுற்றவும் செய்கிறது. அந்தச் சுழற்சிக்கும் ஆற்றல் வேண்டும். உள்ளே முழுக்க நிரம்பிய திடக் கோளத்தில், இறக்கம் தரும் ஆற்றலை 7 பங்காக்கினால் 5 பங்கு முன்னேற்றத்துக்கும் 2 பங்கு சுழற்சிக்கும் போகும். தடத்தில் ஒட்டிக்கொண்டிருக்க உதவுவது முன்னேறும் வேகம் மட்டுமே. வழுக்கும் பொருளுக்குத் தேவைப்பட்ட 10 செ.மீ. இப்போது வெறும் 5 பங்கு. 7 பங்குக்கு 14 செ.மீ. வேண்டும். ஆகவே விடை 54 செ.மீ., அதாவது 2.7R.

எடை இந்தக் கணக்கில் வரவே இல்லை. இரும்போ கண்ணாடியோ, திடக் கோளமாக இருந்தால் அதே 54தான். எடை எங்கே பரவியிருக்கிறது என்பதுதான் முக்கியம். பிங்பாங் பந்து போன்ற உட்கூடான மெல்லிய கோளத்தில் எல்லா எடையும் ஓட்டில் இருப்பதால் சுழற்சி அதிகம் பிடுங்கிக்கொள்ளும். அதற்குக் காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் ஏறத்தாழ 56.7 செ.மீ. வேண்டும்.

குண்டு சின்னதாக இல்லாவிட்டால் ஒரு திருத்தம். 1 செ.மீ. ஆரமுள்ள கோலியின் மையம் 20 அல்ல, 19 செ.மீ. ஆர வட்டத்தில்தான் சுற்றுகிறது. வளையத்தின் அடியில் இருக்கும்போது மையம் எங்கே இருக்கிறதோ, அங்கிருந்து 2.7 × 19 = 51.3 செ.மீ. மேலே அது தொடங்க வேண்டும்.

செய்து பார்க்கிறவர்களுக்கு 54 போதாமல் போவதும் உண்டு. அதற்குக் காரணம் இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. மேலே ஏறும்போது குண்டின் வேகம் குறைகிறது. சுழற்சியும் கூடவே குறைந்து, தன் ஆற்றலை முன்னேற்றத்துக்குத் திருப்பித் தர வேண்டும். திருப்பித் தரவைப்பது உராய்வு. ஆனால் உச்சியை நெருங்க நெருங்கத் தடத்தின் அழுத்தம் மறைகிறது. அழுத்தம் இல்லாத இடத்தில் உராய்வும் இல்லை. உராய்வுக் கெழு 0.3 என்றால், உச்சிக்கு ஏறத்தாழ 43 பாகை முன்பே குண்டு வழுக்கத் தொடங்கிவிடும். சுழற்சியில் கொஞ்சம் ஆற்றல் சிக்கிக்கொள்ளும். நம் வளையத்தில் இந்த இழப்பை ஈடுகட்ட 2 செ.மீ. அளவுக்குள் கூட்டினால் போதும்.

தடம் குழிவான பள்ளமாகவோ இரட்டைக் கம்பியாகவோ இருந்தால் இன்னும் கூட்ட வேண்டும். குண்டு அடியில் தொடாமல் இரு பக்கமும் தொட்டு உருளுவதால், அதே வேகத்துக்கு அது அதிகம் சுற்ற வேண்டியிருக்கிறது. உருளும் ஆரம் குண்டின் ஆரத்தில் 80 சதவீதமாகக் குறைந்தால், 54 என்பது 56 செ.மீ.க்குச் சற்று மேலே போய்விடும்.

குண்டு வெளியே வந்துவிட்டது என்பதாலேயே அது தடத்தை விடவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உச்சிக்குச் சற்று முன்னால் பிரிந்து, காற்றில் தாண்டி, எதிர்ப்பக்கத் தடத்தில் விழுந்து, ஒன்றும் நடக்காதது போல ஓடிவரும் குண்டுகள் உண்டு. காதைக் கொடுத்துக் கேளுங்கள்: உருளும் ஓசை ஒரு கணம் நின்று, பிறகு ‘டக்’ என்று ஒரு தட்டல் வந்தால் அது தோல்வி. அரை அரை செ.மீ.யாக உயர்த்திக்கொண்டே போங்கள். அந்தத் தட்டல் முதன்முதலாக மறையும் உயரம்தான் உங்கள் தடத்தின் உண்மையான விடை.