ஆயரின் கடிதம்

மதுரை அரசரடி இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் சேர விரும்பும் இளைஞருக்குச் சபை ஆயரின் பரிந்துரைக் கடிதம் தேவை. "பக்தியுள்ள நல்ல பையன்" என்ற வரி எல்லாருக்கும் பொருந்தும். அதனால் தேர்வுக் குழுவுக்கு அது உதவாது.

எத்தனை ஆண்டுப் பழக்கம், எந்தப் பொறுப்பில் கண்டது என்பதை ஆயர் முதலில் எழுத வேண்டும். பிறகு ஒரு நிகழ்ச்சி: "மூன்று ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளியில் கற்பிக்கிறார். வரத் தயங்கிய மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகக் கடற்கரையிலேயே மாலை வகுப்பு தொடங்கினார்."

குறையையும் மறைக்கக்கூடாது என்பேன். "கண்டித்தால் முகம் வாடும், மறுநாள் தானே வந்து பேசுவார்" என்று எழுதினால், விடுதி வாழ்க்கையில் அவரை எப்படி வழிநடத்துவது என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆயர் உறவினரானால் அதையும் சொல்லிவிட வேண்டும். கடிதத்தை ஒட்டி, நேரே கல்லூரிக்கு அனுப்புவது நல்லது. விண்ணப்பதாரர் படிப்பாரென்றால் பேனா தயங்கும்.