வணிக ஒப்பந்தத்தை முடித்தல்

வணிக ஒப்பந்தத்தை முடிக்க இரு வழிகள் உண்டு. விதிமீறலைக் காட்டி முடிப்பது ஒன்று. காரணம் கூறாமல், முன்னறிவிப்பு மட்டும் தந்து விலகுவது மற்றொன்று. முதல் வழியில் பெரும்பாலும் திருத்தக் காலம் இருக்கும். மீறலை எழுத்தில் சுட்டிக்காட்டி, குறித்த நாட்களுக்குள் சரிசெய்ய வாய்ப்பளிக்க வேண்டும்.

இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்தியன் ஆயில் - அமிர்தசரஸ் கேஸ் சர்வீஸ் வழக்கு காட்டுகிறது. எரிவாயு விநியோக உரிமையை நிறுவனம் 1983-இல் மீறலைக் காரணம் காட்டி ரத்து செய்தது. அது தவறு என்று கண்ட நடுவர், உரிமையைத் திரும்ப அளிக்கும்படி உத்தரவிட்டார். உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ஏற்கவில்லை. எந்தத் தரப்பும் 30 நாள் முன்னறிவிப்பில் விலகலாம் என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்ததால், அந்த 30 நாள் வருமான இழப்புக்கு மட்டுமே ஈடு கிடைக்கும் என்றது.

பிச்சாவரம் விடுதி ஒன்றுக்கு இறால் தருபவரின் ஒப்பந்தத்தில் இதே விதி இருந்தாலும் நிலை இதுதான். ஆயினும் ஏற்கெனவே தந்த இறாலுக்கான பாக்கியும், நடுவர் தீர்ப்பு விதியும் ஒப்பந்தம் முடிந்த பின்னும் நிலைக்கும். வேறு விடுதிக்கு விற்கக் கூடாது என்ற தடை, ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்துக்குப் பிந்திய காலத்தில் பொதுவாகச் செல்லாது.