படத்தில் அடிக்கும் வெயில்

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் வெற்றுக் கூடம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 40 அடி ஆழம், 30 அடி அகலம், 10 அடி உயரம். ஜன்னல்கள் மேற்குச் சுவரில் மட்டும்தான். அவற்றின் மேல்விளிம்பு தரையிலிருந்து 7 அடியில் நிற்கிறது. இதை வாடகைக்கு எடுத்து, பல சிறு நிறுவனங்கள் மேசை எடுத்து உட்காரும் கோவொர்க்கிங் இடமாக மாற்ற நினைக்கிறார் ஒரு இளம் ஸ்டார்ட்அப் நிறுவனர். இன்டீரியர் டிசைனர் அவருக்கு ஒரு த்ரீடி படம் அனுப்புகிறார். வரிசையாக மரமேசைகள், சுவரில் பச்சை நிற ஒலித்தடுப்புப் பலகைகள், மூலைக்கு மூலை ஆளுயரச் செடிகள், எல்லாவற்றின் மீதும் இளவெயில். பார்த்ததும் பிடித்துவிடுகிறது.

இந்தப் படம் முதலீட்டாளரிடம் காட்டப் போதும். ஆனால் இதை வைத்துத் தச்சருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் அட்வான்ஸ் கொடுக்கலாமா? அதற்குமுன் வெயில், சத்தம், செடி ஆகிய மூன்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வெயில் எங்கிருந்து வருகிறது?

பக்கவாட்டு ஜன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சம், ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்வரைதான் வேலை செய்ய உதவும் என்பது கட்டடக்கலையில் பழைய கணக்கு. நமது கூடத்தில் அது 14 முதல் 17 அடி. மீதி இருபத்துச் சொச்சம் அடியில் உட்காருபவர்களுக்குப் பட்டப்பகலிலும் விளக்கு வேண்டும். படத்திலோ கடைசி மேசைவரை வெளிச்சம் ஒரே சீராகப் பரவியிருக்கிறது.

இதில் மாயம் எதுவும் இல்லை. அறைக்குள் கேமரா வைக்க இடம் போதாதபோது, வரைபவர் பின்சுவரை நீக்கிவிட்டு வெளியே நின்று படம் எடுப்பது வழக்கம். நீக்கிய சுவர் வழியாக வானத்து வெளிச்சமும் உள்ளே வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, கண்ணுக்குத் தெரியாத விளக்கு ஒன்றையும் கேமராவுக்குப் பின்னால் வைப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க மேசைக் கால்களின் நிழலைப் பார்த்தால் போதும். மேற்கு ஜன்னல் மட்டும் உள்ள அறையில் பகல் வெளிச்சத்தின் நிழல்கள் கிழக்கு நோக்கியே விழ வேண்டும். ஜன்னல் பக்கமாகவும் ஒரு நிழல் சாய்ந்திருந்தால், அங்கே ஜன்னலே இல்லாத ஒரு வெளிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே டிசைனரிடம் சில விஷயங்களைக் கேட்க வேண்டும். ஸ்கெட்ச்அப், லூமியன் போன்ற மென்பொருள்களில் ஊரையும் வடக்குத் திசையையும் தேதியையும் நேரத்தையும் கொடுத்தால், சூரியன் தன் இடத்தில் போய் நிற்கும். சென்னை என்று குறித்து, எல்லாச் சுவர்களும் இருக்கும்படி, உள்விளக்குகளை அணைத்துவிட்டு, ஜூன் 21க்கும் டிசம்பர் 21க்கும் காலை 10 மணி, மாலை 4 மணிப் படங்களைக் கேட்கலாம். கேமரா உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில், தரையிலிருந்து சுமார் 4 அடியில் இருக்கட்டும். அகலக்கோண லென்ஸும் வேண்டாம். அது முப்பதடி அறையை ஐம்பதடியாகக் காட்டிவிடும்.

டிசம்பர் மாலை 4 மணிக்குச் சென்னையில் சூரியன் தென்மேற்கில், அடிவானத்திலிருந்து சுமார் 22 பாகை உயரத்தில்தான் இருக்கும். அந்தச் சாய்வில் வெயில் நமது ஜன்னலுக்குள் நுழைந்தால், மேசை உயரத்தில் ஏறத்தாழ 9 அடி உள்ளேவரை நேராக அடிக்கும். முதல் படத்தில் கண்ணைக் கவர்ந்த ஜன்னலோர வரிசையில் உட்காருபவருக்கு, அந்த நேரத்தில் கணினித் திரையே தெரியாது. மேசைகளைத் திருப்பிப்போட்டு, திரைகள் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வரும்படி அமைத்து, ஜன்னலுக்குத் திரைச்சீலையும் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். வரைபடத்தில் இதற்குச் செலவே இல்லை. மேசைக்கு அடியில் ஒயரிங் போட்டபின் என்றால் தரையை உடைக்க வேண்டியிருக்கும்.

படத்துக்குக் காது கிடையாது

சுவரில் இருக்கும் ஆறு பச்சைப் பலகைகள் படத்துக்கு அழகு சேர்க்கின்றன. சத்தத்தை எவ்வளவு குறைக்கும்? இதற்கான சூத்திரத்தை அமெரிக்காவின் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டுபிடித்தார். எதிரொலி மிகுந்த ஒரு விரிவுரைக் கூடத்துக்குள் நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து பார்த்தே அவர் அதை அடைந்தார். அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையிலுள்ள பரப்புகள் உறிஞ்சும் மொத்த அளவால் வகுத்தால், ஒலி அடங்கும் நேரம் நொடிகளில் கிடைக்கும்.

நமது கூடம் சுமார் 12 மீட்டர், 9 மீட்டர், 3 மீட்டர். அதாவது 324 கன மீட்டர். டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, கண்ணாடி, அதோடு ஆட்களும் நாற்காலிகளும் சேர்ந்து 25 அலகு உறிஞ்சுவதாகக் கொண்டால், ஒலி அடங்க 2 நொடிக்கு மேல் ஆகும். ஒருவர் போன் பேசினால் கூடம் முழுவதும் முழங்கும். படத்திலுள்ள பலகைகள் ஒவ்வொன்றும் 4 அடிக்கு 2 அடி. ஆறும் நல்ல தரமானவை என்றே வைத்துக்கொண்டாலும், சேர்த்து 4 அலகுகூடக் கூட்டாது. நேரம் 2.1 நொடியிலிருந்து 1.8 நொடிக்குத்தான் இறங்கும். காதுக்கு அது பெரிய மாற்றமே அல்ல.

நேரத்தை 0.8 நொடிக்குக் கொண்டுவர இன்னும் சுமார் 40 அலகு வேண்டும். அதே தரப் பலகையில் ஏறத்தாழ 50 சதுர மீட்டர். கூரையில் கிட்டத்தட்டப் பாதி. இவ்வளவு பரப்புக்குச் சுவரில் இடம் இல்லை, கூரையில் தொங்கவிடுவதுதான் வழி. அப்படித் தொங்கவிட்டால் படத்தின் தோற்றமே மாறிவிடும். விளக்குகளும் ஏசி குழாய்களும் இடம் மாறும். அதனால்தான் இந்தக் கணக்கை முதலிலேயே போட வேண்டும். கடையில் வாங்கும்போது பலகையின் உறிஞ்சும் திறன் எண்ணையும் தீத்தடுப்புச் சான்றையும் கேளுங்கள். சுவரோடு ஒட்டிய ஒரு சென்டிமீட்டர் தடிமன் பாலியஸ்டர் பலகை கீச்சொலியைத்தான் நன்றாக விழுங்கும். மனிதக் குரலின் கனத்த பகுதி தப்பிவிடும். பின்னால் காற்றிடைவெளி விட்டால் பலன் கூடும்.

இன்னொரு எல்லையும் உண்டு. பலகை எதிரொலியைக் குறைக்கும். பக்கத்து மேசைக்காரரின் பேச்சு நேராக வருவதைத் தடுக்காது. அதற்குக் கதவு போட்ட சிறு போன் அறைகள்தான் வேண்டும். படத்தில் அவற்றைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

செடிக்கும் கணக்கு உண்டு

படத்திலுள்ள செடிகள் மென்பொருளின் சேமிப்பிலிருந்து எடுத்து வைக்கப்பட்டவை. எந்த மூலையிலும் செழிக்கும். நிஜத்தில், மலிவான லக்ஸ் மீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு நண்பகலில் காலிக் கூடத்தில் நடந்து பாருங்கள். ஜன்னலருகே ஆயிரக்கணக்கில் காட்டும் எண், பின்சுவர் அருகே நூறுக்கும் கீழே போகலாம். அந்த இருட்டில் அகன்ற இலை ஃபிடில் அத்திச் செடி மெல்ல இலையுதிர்க்கும். அதை ஜன்னல் பக்கம் வைத்து, சில நூறு லக்ஸ் உள்ள நடுப்பகுதியில் பாம்புக் கற்றாழையையும் மணி பிளான்ட்டையும் வைக்கலாம். பின்சுவரில் செடி வேண்டுமென்றால் அதற்கென்று வளர்ப்பு விளக்கு போட வேண்டும். அதுவும் மின்கட்டணக் கணக்கில் சேரும்.

இவை எல்லாம் முடிந்தபின் வரும் இரண்டாவது படம் முதல் படத்தைவிடச் சற்று மங்கலாக இருக்கும். பின்பாதியில் விளக்குகள் எரியும், கூரையில் பலகைகள் தொங்கும், மேசைகளும் இரண்டு மூன்று குறைந்திருக்கும். எத்தனை இருக்கைக்கு எவ்வளவு கட்டணம் என்று நிறுவனர் கணக்குப் போட வேண்டியது இந்த இரண்டாவது படத்தை வைத்துத்தான்.